நான்கு வெப்பநிலைகளும் அவற்றின் பூரியர் திருசியமும்

கேள்வி: நான்கு மாதிரிகளுக்குப் பின்னகப் பூரியர் உருமாற்றத்தைக் கையால் செய்துவிட்டேன். வந்த நான்கு சிக்கலெண்களையும் எப்படி வாசிப்பது? X[3] என்பது மூன்றாவது மீடிறனா?

மட்டக்களப்பில் மழையில்லாத ஒரு நாளில், நிழலில் தொங்கவிட்ட வெப்பமானி காலை 6 மணிக்கு 26, நண்பகலில் 31, மாலை 6 மணிக்கு 28, நள்ளிரவில் 27 பாகை செல்சியசைக் காட்டியதாகக் கொள்வோம். மாதிரிகள் நான்கே என்பதால் பெருக்க வேண்டிய காரணிகள் 1, -j, -1, j ஆகியவற்றைத் தாண்டுவதில்லை. ஆகவே சைன் அட்டவணை எதுவும் தேவைப்படாது, கூட்டலும் கழித்தலும் போதும்.

```
X[0] = 26 + 31 + 28 + 27 = 112
X[1] = (26 - 28) - j(31 - 27) = -2 - 4j
X[2] = 26 - 31 + 28 - 27 = -4
X[3] = (26 - 28) + j(31 - 27) = -2 + 4j
```

X[0] ஐ 4 ஆல் வகுத்தால் 28 வரும். அதுவே அந்நாளின் இடை வெப்பநிலை. X[1] நாளுக்கு ஒரு தடவை ஏறி இறங்கும் அலையைக் குறிக்கிறது. X[3] மூன்றாவது மீடிறன் அன்று. மாதிரிகள் மெய்யெண்களாக இருக்கும்வரை அது X[1] இன் உடன்புணரியாகவே வரும். புதிய தகவல் எதையும் தராது. கையால் கணிப்பவருக்கு அதனால் ஒரு நன்மை உண்டு: இரண்டும் உடன்புணரிகளாக அமையாவிட்டால் எங்கோ குறி தவறியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ஒரே அலையின் பங்கு X[1], X[3] இரண்டிலும் பாதி பாதியாகப் பிரிந்து கிடப்பதால், அதன் வீச்சத்தைப் பெற X[1] இன் மட்டை இரட்டித்து 4 ஆல் வகுக்க வேண்டும். மட்டு √20, அதாவது ஏறத்தாழ 4.47, எனவே வீச்சம் 2.24 பாகை. X[2] க்கு அப்படிச் சோடி இல்லை. அதை இரட்டிக்காமல் 4 ஆல் வகுத்து, 12 மணி நேர அலையின் வீச்சம் 1 பாகை என்று எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் இரட்டிப்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது X[1] இன் அவத்தை. என் எண்ணத்தில் இந்தக் கணக்கின் சுவையான பகுதி இதுவே. கணிப்பானில் -4 ஐ -2 ஆல் வகுத்து tan⁻¹ எடுத்தால் 63.43° என்று காட்டும். ஆனால் மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி இரண்டும் மறையாக இருப்பதால் கோணம் மூன்றாம் கால்வட்டத்தில் உள்ளது. சரியான விடை -116.57°. ஒரு நாளுக்கு 360° என்று கொண்டால், அலையின் உச்சி காலை 6 மணிக்குப் பின் 7 மணி 46 நிமிடத்தில், அதாவது பிற்பகல் 1.46 அளவில் வருகிறது. கணிப்பான் காட்டிய கோணத்தை அப்படியே எழுதியிருந்தால் உச்சி அதிகாலை 1.46 க்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் மட்டக்களப்பில் வெயில் உச்சம் என்று எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எண்ணாகப் பார்க்கும்போது தெரியாத இந்தப் பிழை, மணியாக மாற்றியவுடன் தானே வெளிப்பட்டுவிடும்.

விடையை மீளக் கட்டியும் பார்க்கலாம். நண்பகலில் இடை 28, நாளலையின் பங்கு +2, 12 மணி அலையின் பங்கு +1, கூட்டினால் 31. காலை 6 மணிக்கு 28 இலிருந்து இரண்டு அலைகளும் ஒவ்வொரு பாகையைக் குறைக்க 26 கிடைக்கிறது.

12 மணி அலை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். வெயில் பகலில் மட்டுமே சூடேற்றுகிறது. பிற்பகலில் கடற்காற்று அதைத் தணிக்கிறது. இரவில் வெப்பம் மெல்லக் குறைகிறது. இவ்வாறு ஏற்றமும் இறக்கமும் ஒரே வடிவில் இல்லாத வளைகோட்டை ஒரே சைன் அலையால் வரைய முடியாது. மிஞ்சுவது X[2] இல் விழுகிறது. ஆனால் அந்த 1 பாகையை முழுதாக நம்பக்கூடாது. 12 மணி அலைக்கு ஒரு சுற்றில் நாம் எடுத்தவை இரண்டே மாதிரிகள். அதன் உச்சி 9 மணிக்கும் அடி 3 மணிக்கும் விழும் ஒரு நாளில், நமது நான்கு நேரங்களிலும் அலை பூச்சியத்தைக் கடந்துகொண்டிருக்கும், X[2] பூச்சியமாகிவிடும். ஆகவே இங்கு கிடைத்த 1 என்பது உண்மை வீச்சத்தின் கீழெல்லை மட்டுமே.

8 மணி நேரத்துக்கு ஒரு முறை வரும் அலை இருந்தாலோ நிலைமை இன்னும் மோசம். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை பார்ப்பவருக்கு அதுவும் 24 மணி அலையும் ஒரே எண்களாகவே தோன்றும். அது சத்தமின்றி X[1] இலும் X[3] இலும் போய்ச் சேர்ந்து, 2.24 ஐயும் 1.46 ஐயும் கெடுத்துவிடும். திருசியத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பின்னர் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு எட்டு மாதிரிகள் எடுத்தால் 24, 12, 8 மணி அலைகள் தனித்தனியாக X[1], X[2], X[3] இல் வந்து நிற்கும். அந்த எட்டில்தான் X[3] உண்மையாகவே மூன்றாவது மீடிறன் ஆகிறது.