கானவுக்குப் பின்னால் எந்தச் சொல் நஸ்பு?

*கேள்வி: "கான வந்தால் முதல் சொல்லுக்குப் பேஷ், கடைசிச் சொல்லுக்கு ஸபர் என்று படித்தேன். 'வீட்டில் ஒரு ஆள் இருந்தார்' என்பதற்கு 'கான ஃபில் பைத்தி ரஜுலன்' என்று எழுதினேன். உஸ்தாத் அடித்துவிட்டு 'ரஜுலுன்' என்று எழுதிக் கொடுத்தார். கபருக்கு நஸ்பு இல்லையா? கடைசியில் வருவது கபர்தானே? லைஸ, ஸார எல்லாவற்றிலும் இதே குழப்பம். கபர் எது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?"*

உஸ்தாத் திருத்தியது சரி. அரபி இலக்கணத்தில் கானவின் கபருக்கு நஸ்பு என்ற விதியும் சரி. தவறு நடந்த இடம் நடுவில் இருக்கிறது. கடைசியில் நிற்பதுதான் கபர் என்று எடுத்துக்கொண்டீர்கள். கபர் என்பது ஒரு சொல் நிற்கும் இடத்தின் பெயர் அல்ல. வாக்கியத்தில் அது செய்யும் வேலையின் பெயர்.

கானவை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'ஃபில் பைத்தி ரஜுலுன்' என்று மிஞ்சும். இதில் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? ஆளைப் பற்றி. அவரைப் பற்றி என்ன சொல்கிறோம்? வீட்டில் இருப்பதாக. ஆகவே ரஜுலுன் முப்ததா, ஃபில் பைத்தி கபர். முப்ததா 'ஒரு ஆள்' என்று பொதுவான சொல்லாக, அதாவது நகிராவாக இருப்பதால், கபர் அதற்கு முன்னால் வந்து நிற்கிறது. இப்போது கானவைத் திரும்பச் சேருங்கள். யார் எந்த வேலையைச் செய்தார்களோ அது மாறவில்லை. முப்ததா கானவின் இஸ்மு ஆகிறது, பேஷோடு அப்படியே நிற்கிறது. கபருக்கு நஸ்பு உண்டு. ஆனால் 'ஃபில் பைத்தி' என்பது ஜர்ரு எழுத்தும் ஜர்ரு பெற்ற சொல்லும் சேர்ந்த தொடர். அதன்மேல் ஸபர் ஏற முடியாது. நஸ்பு அந்தத் தொடருக்கு உள்ளே மறைந்துவிடுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நஸ்பைத் தேடிப் போய், பக்கத்தில் நின்ற ரஜுலுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு நன்றாக உதவும். அரபியைப் போலவே தமிழிலும் வினை இல்லாமல் வாக்கியம் நிற்கும். 'ஸைதுன் தாலிபுன்', 'ஸைத் மாணவர்'. இரண்டிலும் வினை கிடையாது. இதை இறந்த காலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் அரபி கானவைச் சேர்க்கிறது, தமிழ் 'இருந்தார்' என்பதைச் சேர்க்கிறது. சேர்த்த உடனே என்ன ஆகிறது என்று கவனியுங்கள். 'கான ஸைதுன் தாலிபன்', 'ஸைத் மாணவராக இருந்தார்'. 'ஸைத்' இரண்டு மொழியிலும் மாறவில்லை. அரபியில் தாலிப் நஸ்பு பெறுகிறது. தமிழில் மாணவர் 'ஆக' பெறுகிறது.

எனவே சோதனை இதுதான்: வாக்கியத்தை நீங்களே தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஆக' எந்தச் சொல்லின் வாலில் ஒட்டுகிறதோ அதற்கு நஸ்பு. உங்கள் வாக்கியத்தைச் சொல்லுங்கள்: வீட்டில் ஒரு ஆள் இருந்தார். 'ஆளாக இருந்தார்' என்று யாரும் சொல்வதில்லை. 'ஆக' ஒட்டாத பெயர், ஆகவே ரஜுலுன். 'அந்தத் திருடன் ஒரு காலத்தில் நல்ல ஆளாக இருந்தான்' என்று எழுதுவதாக இருந்தால்தான் ரஜுலன் வரும்.

குர்ஆனில் இருந்தே ஒரு வசனத்தை எடுத்து முழுதாகப் பார்ப்போம். பயான்களில் பல முறை கேட்டிருப்பீர்கள், 33:21: 'லகத் கான லகும் ஃபீ ரஸூலில்லாஹி உஸ்வதுன் ஹஸனதுன்'. உங்கள் கணக்குப்படி பார்த்தால் கானவுக்குப் பின்னால் கடைசியாக வரும் உஸ்வத் 'உஸ்வதன்' என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் ஓதுவது உஸ்வதுன். தமிழில் சொல்லுங்கள்: அல்லாஹ்வின் தூதரிடம் உங்களுக்கு அழகிய முன்மாதிரி இருக்கிறது. 'ஆக' வரவில்லை. முன்மாதிரிதான் இஸ்மு, 'லகும்' கபர். ஹஸனதுன் என்ற அடைமொழியும் உஸ்வதுனைப் பின்பற்றிப் பேஷ் பெறுகிறது. இதே செய்தியை 'ரஸூல் உங்களுக்கு முன்மாதிரியாக இருந்தார்' என்று நாமே அமைத்தால், 'கானர் ரஸூலு உஸ்வதன் லகும்'. இப்போது 'ஆக' வந்துவிட்டது, உஸ்வத் நஸ்பு ஆகிவிட்டது. ஒரே சொல், வேறு வேலை.

கபர் முன்னால் வந்து, நஸ்பு வெளிப்படையாகவே தெரியும் இடமும் உண்டு. 30:47: 'வ கான ஹக்கன் அலைனா நஸ்ருல் முஃமினீன்'. கானவை ஒட்டி நிற்கும் சொல்லே ஹக்கன், இரண்டு ஸபரோடு. நஸ்ரு பின்னால் பேஷோடு நிற்கிறது. தமிழில்: நம்பிக்கையாளர்களுக்கு உதவுவது நம்மீது கடமையாக இருந்தது. 'ஆக' கடமையில் ஒட்டுகிறது, ஹக்கன். முதல் சொல்லுக்குப் பேஷ், கடைசிச் சொல்லுக்கு ஸபர் என்ற மனப்பாடம் இந்த வசனத்தில் தலைகீழாகிவிடும்.

லைஸ, ஸார போன்ற கானவின் சகோதரிகளிலும் இதுவே நடக்கும். கானவோடு சேர்த்து 13 என்று மதரஸாவில் எண்ணிச் சொல்வார்கள். 'ஆகிவிட்டது' என்ற பொருள் தரும் ஸார, அஸ்பஹ போன்றவற்றில் சோதனை இன்னும் எளிது. 3:103-இல் 'ஃபஅஸ்பஹ்தும் பி நிஃமதிஹி இக்வானன்': அவனது அருளால் நீங்கள் சகோதரர்களாக ஆகிவிட்டீர்கள். இஸ்மு எங்கே என்று தேடாதீர்கள். அஸ்பஹ்தும் என்பதில் ஒட்டியிருக்கும் 'தும்' தான் அது. நடுவில் 'பி நிஃமதிஹி' வந்து நிற்பதைக் கண்டு தடுமாறவும் வேண்டாம். 'ஆக' இக்வானில் ஒட்டுகிறது, இக்வானன்.

லைஸவில் மட்டும் சோதனையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும், ஏனென்றால் அங்கே தமிழ் 'ஆக' போடுவதில்லை. அதற்குப் பதிலாக நம்மிடம் இன்னும் கூர்மையான கருவி இருக்கிறது: அல்ல, இல்லை என்ற வேறுபாடு. 'ஸைத் மாணவர் அல்ல' என்றால் 'லைஸ ஸைதுன் தாலிபன்'. 'வீட்டில் ஆள் இல்லை' என்றால் 'லைஸ ஃபில் பைத்தி ரஜுலுன்'. அல்ல என்பதற்கு முன்னால் நிற்கும் சொல் கபர், நஸ்பு. எது இல்லை என்கிறோமோ அது இஸ்மு, பேஷ். 24:61-இல் வரும் 'லைஸ அலல் அஃமா ஹரஜுன்' இரண்டாவது வகை: பார்வையற்றவர் மீது குற்றம் இல்லை. 'குற்றம் அல்ல' என்று யாரும் மொழிபெயர்க்க மாட்டார்கள். பேச்சில் நாம் 'அவர் மாணவர் இல்லை' என்றே சொல்லிவிடுகிறோம். சோதனை செய்யும்போது மட்டும் எழுத்துத் தமிழின் 'அல்ல' பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனை கானவோ அதன் சகோதரியோ வாக்கியத்தில் இருந்தால் மட்டும்தான் செல்லும். அச்சிட்ட மொழிபெயர்ப்பை வைத்துச் சோதிக்காதீர்கள். 2:173-இல் 'இன்னல்லாஹ கஃபூருன் ரஹீம்', 4:96-இல் 'வ கானல்லாஹு கஃபூரன் ரஹீமா'. தமிழில் இரண்டுக்குமே 'மன்னிப்பவனாகவும் கருணையாளனாகவும் இருக்கிறான்' என்று எழுதுவது வழக்கம். இன்ன செய்யும் வேலை கானவுக்கு நேர் எதிர். அது இஸ்முக்கு நஸ்பு கொடுத்துவிட்டுக் கபரைப் பேஷோடு விட்டுவிடும். ஓதும்போது காதாலேயே வேறுபாடு தெரியும்: வசன முடிவில் நிறுத்தினால் கானவின் கபர் 'ரஹீமா' என்று நீண்டு முடியும், இன்னவின் கபர் 'ரஹீம்' என்று அடங்கிவிடும். உங்கள் 'ரஜுலன்' கூட இன்னவின் பாடத்தில் இருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 'இன்ன ஃபில் பைத்தி ரஜுலன்' முழுக்கச் சரியான வாக்கியம். அந்த ரஜுலன் கபர் என்பதால் அல்ல, இன்னவின் இஸ்மு என்பதால் நஸ்பு.

கபரைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: நஸ்பை எந்த அடையாளத்தால் காட்டுவது? ஒருமையில் ஸபர். இருவர் என்றால் 'கானத் தாலிபானி ஹாளிரைனி', ஆனி என்பது ஐனி ஆகிறது. பலர் என்றால் ஊன என்பது ஈன ஆகும். 4:135-இல் 'கூனூ கவ்வாமீன பில் கிஸ்த்', நீதியை நிலைநாட்டுபவர்களாக இருங்கள். கவ்வாமூன என்று இருக்கவேண்டியது கவ்வாமீன ஆகியிருக்கிறது. அதிகம் பேர் வழுக்கி விழுவது ஆத் என்று முடியும் பெண்பால் பன்மையில். 'மாணவிகள் வந்திருந்தார்கள்' என்பதற்கு 'கானதித் தாலிபாது ஹாளிராதின்' என்று ஸேர்தான் வரும், ஹாளிராதன் வராது. ஸேரைப் பார்த்ததும் ஜர்ரு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வகைச் சொற்களுக்கு நஸ்பின் அடையாளமே ஸேர்தான்.

கடைசியாக, கபர் ஒரு வினையாக இருந்தால் அந்த வினையைத் தொடவே கூடாது. 'ஸைத் எழுதிக்கொண்டிருந்தார்' என்பது 'கான ஸைதுன் யக்துபு'. கபருக்கு நஸ்பு என்ற நினைப்பில் 'யக்துப' என்று எழுதிய நோட்டுகளை நிறையத் திருத்தியிருக்கிறேன். முளாரிஃ வினைக்கு நஸ்பு கொடுப்பது அன், லன் போன்ற எழுத்துகளின் வேலை. கானவுக்கு அந்த அதிகாரம் கிடையாது. இங்கே கபர் என்பது 'யக்துபு' என்ற வினையும் அதற்குள் மறைந்திருக்கும் 'அவர்' என்ற எழுவாயும் சேர்ந்த முழு வாக்கியம். ஃபில் பைத்தியில் நடந்ததைப் போலவே நஸ்பு அந்த வாக்கியம் நிற்கும் இடத்துக்குப் போய்விடுகிறது, யக்துபுவின் பேஷ் அப்படியே இருக்கிறது.