ஸ்பான்சர் முடிவை மாற்றிவிட்டார், குழுவுக்கு என்ன எழுதுவது?

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தையும், குழுவுக்கு அனுப்புவதற்காக எழுதிவைத்திருக்கும் வரைவையும் படித்தேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட், ஐந்து பேர், தலைவி நீங்கள். களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று தகவல் பதிவு செய்வதற்கான கைபேசிச் செயலி. 16 வாரத்தில் 7 முடிந்துவிட்டது. இந்த நேரத்தில், ஸ்பான்சராக இருக்கும் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்து, "டேஷ்போர்டும் பிடிஎஃப் அறிக்கையும் இப்போது வேண்டாம். இணையம் இல்லாத இடத்திலும் செயலி வேலை செய்ய வேண்டும், அதுதான் முதல் தேவை" என்று சொல்லிவிட்டார். நண்பர்கள் கோபப்படுவார்களோ, மதிப்பெண் குறையுமோ என்று பயந்து நான்கு வரியில் ஒரு செய்தி எழுதியிருக்கிறீர்கள். அதை இங்கே எடுத்து வைக்கிறேன்.

"நண்பர்களே, ஸ்பான்சர் சில மாற்றங்களைக் கேட்டிருக்கிறார். இனி ஆஃப்லைன் வசதிக்கு முன்னுரிமை. டேஷ்போர்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லாத் தேதிகளும் இரண்டு வாரம் தள்ளிப்போகின்றன. ஒத்துழைப்புக்கு நன்றி."

இதை அனுப்பாதீர்கள். மொழி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக் காலை யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. டேஷ்போர்டு வரைந்துகொண்டிருக்கும் இருவரை நினைத்துப் பாருங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் வேலையை நிறுத்த வேண்டுமா, நேரம் கிடைக்கும்போது தொடரலாமா? ஒருவர் நிறுத்துவார், இன்னொருவர், பாதியில் விட மனமில்லாமல், இரவில் உட்கார்ந்து தொடர்வார். மூன்று வாரம் கழித்துத்தான் அது உங்களுக்குத் தெரியவரும். மாற்றத்தை அறிவிக்கும் செய்திகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறை இதுதான்: புதிதாக வருவதை எழுதுகிறார்கள், நிற்பதை எழுதுவதில்லை.

அடுத்து அந்தத் தேதிகள். எல்லாவற்றையும் இரண்டு வாரம் தள்ளினால் கடைசி மைல்கல் 18ஆம் வாரத்தில் போய் நிற்கும். கல்லூரி உங்களுக்குக் கொடுத்திருப்பது 16 வாரம். ஸ்பான்சர் தேவையை மாற்றலாம். வாய்மொழித் தேர்வின் தேதி அதற்காக நகராது. ஆகவே தேதியைத் தொடுவதற்கு முன் கணக்குப் போட வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்து நானே போட்டுப் பார்த்தேன்.

ஒருவர் ஒரு வாரத்தில் செய்யும் வேலையை ஓர் ஆள்வாரம் என்று வைத்துக்கொள்வோம். மீதியுள்ள 9 வாரத்துக்கு, ஐந்து பேருக்கும் சேர்த்து 45 ஆள்வாரம். 12ஆம் வாரம் தேர்வு. அதில் 5 போய்விடும். கடைசி இரண்டு வாரம் அறிக்கை எழுதவும் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகவும் வேண்டும். அதில் 10 போகும். உண்மையில் கையில் இருப்பது 30.

பழைய திட்டப்படி மீதி வேலை 21. படிவத்தை முடிக்க 4, உள்நுழைவுக்கு 2, டேஷ்போர்டுக்கு 5, பிடிஎஃப் அறிக்கைக்கு 6, களச் சோதனைக்கு 4. ஆக 9 ஆள்வாரம் உபரியாக இருந்தது, நிம்மதியாக இருந்தீர்கள். இப்போது டேஷ்போர்டும் அறிக்கையும் விலகுவதால் 11 குறைகிறது. ஆனால் உள்ளே வருவது எவ்வளவு? தகவலைக் கைபேசியிலேயே சேமிக்க 7, இணையம் கிடைத்ததும் அதைச் சர்வருக்கு அனுப்பி ஒத்திசைக்க 9. இத்துடன் உங்கள் வரைவில் இல்லாத ஒன்றும் இருக்கிறது: முடிந்துவிட்டதாக நீங்கள் நினைக்கும் படிவப் பகுதிகளைத் திருத்த 3.

அந்த மூன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால், அதற்கான வரிசை எண்ணைச் சர்வர்தான் கொடுக்கிறது. இணையம் இல்லாதபோது சர்வரிடம் கேட்க முடியாது. படிவம் பிறக்கும்போதே கைபேசியே அதற்குத் தனி அடையாள எண் கொடுத்தாக வேண்டும். அது இல்லாவிட்டால், பாதியில் இணைப்பு அறுந்து மறுபடி அனுப்பும்போது அதே குடும்பம் இரண்டு முறை பதிவாகிவிடும். முன்னுரிமை மாறும்போது புதிய வேலை மட்டும் வருவதில்லை. முடித்து ஓரமாக வைத்த வேலையும் மறுபடி திறக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, முடிந்ததாகக் குறித்த ஒவ்வொரு பகுதியையும் எடுத்து, "புதிய நிபந்தனையில் இது நிற்குமா?" என்று அதை எழுதியவரிடமே கேட்பதுதான்.

ஆக, போவது 11, வருவது 19. புதிய மொத்தம் 29. கையில் 30. "ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைக்கிறோம், அவ்வளவுதானே" என்று ஸ்பான்சர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். கணக்கு அவருக்குத் தெரியாது. ஒரே ஓர் ஆள்வாரம் உபரியை வைத்துக்கொண்டு நீங்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அது தீர்ந்துவிடும்.

எனவே குழுவுக்கு எழுதுவதற்கு முன் ஸ்பான்சருக்கு எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டதை உங்கள் வார்த்தையில் நான்கைந்து வரியாக எழுதி, "நாங்கள் புரிந்துகொண்டது சரிதானா?" என்று கேளுங்கள். கூடவே ஒரு சலுகையும் கேளுங்கள். ஒத்திசைவுக்கு 9 ஆவதற்குக் காரணம், இரண்டு பணியாளர்கள் ஒரே பதிவைத் தனித்தனியே திருத்தினால் எந்தத் திருத்தம் சரி என்று திரையிலேயே ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் வசதி. அதற்குப் பதிலாக, கடைசியாக வந்த திருத்தம் நிற்கும், முந்தையது அழியாமல் தனியாகச் சேமிக்கப்படும், நிறுவனத்தின் மேற்பார்வையாளர் பின்னால் பார்த்துக்கொள்வார் என்று விதி வைத்தால் 5 போதும். மொத்தம் 25 ஆகும், உபரி 5 கிடைக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பணியாளர்தான் போகிறார் என்றால் இந்த மோதல் அபூர்வமாகத்தான் நேரும். அவர் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அவருடைய பதிலை உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டுங்கள். மதிப்பெண் பற்றிய உங்கள் பயத்துக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. முதல் மதிப்பாய்வில் ஒப்புதல் பெற்ற முன்மொழிவை வைத்துத்தான் உங்களை மதிப்பிடுவார்கள். அதில் டேஷ்போர்டு இருக்கிறது. மாற்றத்துக்குப் பேராசிரியர் எழுத்தில் ஒப்புதல் தராவிட்டால், கடைசி நாளில் "சொன்னதைச் செய்யவில்லை" என்றாகிவிடும். ஒப்புதல் இருந்தால் அதே விஷயம் அறிக்கையில் ஓர் அத்தியாயமாக நிற்கும்.

டேஷ்போர்டு செய்யும் அந்த இருவரிடம் நேரில் பேசுவதையும் செய்தி போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். டேஷ்போர்டுக்காக அவர்கள் ஏற்கெனவே 3 ஆள்வாரம் உழைத்திருக்கிறார்கள். தங்கள் வேலை நிறுத்தப்படுவதை மற்றவர்களோடு சேர்ந்து குழுவில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன்.

இரண்டு ஒப்புதலும் வந்த பிறகு செய்தி இப்படி இருக்கலாம்.

> நண்பர்களே, நம் ப்ராஜெக்டின் பணி எல்லை மாறியிருக்கிறது. இது ஸ்பான்சர் எடுத்த முடிவு. அவர்களுடைய களப்பணியாளர்கள் செல்லும் பல இடங்களில் இணையம் இல்லை என்பதே காரணம். வழிகாட்டிப் பேராசிரியரும் ஒப்புதல் தந்துவிட்டார். இரண்டு கடிதங்களும் நம் கோப்பகத்தில் உள்ளன.
>
> நிற்பவை: டேஷ்போர்டு, பிடிஎஃப் அறிக்கை. இன்று முதல் இவற்றில் யாரும் வேலை செய்ய வேண்டாம். இதுவரை செய்த டேஷ்போர்டைத் தனிக் கிளையில் சேமித்துவைப்போம். செய்தவர்களின் பெயரோடு இறுதி அறிக்கையில் இடம்பெறும்.
>
> சேர்பவை: கைபேசியில் சேமிப்பு, இணையம் வந்ததும் ஒத்திசைவு. படிவத்தின் வரிசை எண் முறையும் மாறுகிறது.
>
> மாறாதவை: உள்நுழைவு, களச் சோதனை, 16ஆம் வார இறுதிச் சமர்ப்பிப்பு.
>
> 10ஆம் வார முடிவில்: ஏரோபிளேன் மோடில் வைத்த கைபேசியில் 20 படிவம் நிரப்பி, கைபேசியை அணைத்து மறுபடி இயக்கினால் 20ம் இருக்க வேண்டும். 13ஆம் வார முடிவில்: இணையத்தைப் பாதியில் துண்டித்து மறுபடி இணைத்தாலும் அதே 20 படிவம் சர்வரில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை பதிவாகியிருக்க வேண்டும். 14ஆம் வார முடிவில்: ஸ்பான்சரின் பணியாளர்களுடன் களச் சோதனை முடிந்திருக்க வேண்டும். 12ஆம் வாரம் தேர்வு, வேலை இல்லை.
>
> இன்னும் முடிவாகாதது: களச் சோதனைக்கு எத்தனை பணியாளர்கள் வருவார்கள் என்பது. 9ஆம் வாரத்துக்குள் கேட்டுச் சொல்கிறேன்.
>
> நீங்கள் இன்று நிறுத்தும் வேலை எது, நாளை தொடங்கும் வேலை எது என்று ஆளுக்கு இரண்டு வரி நாளை மாலைக்குள் எழுதுங்கள். தேதிகளில் ஏதேனும் நடக்காது என்று தோன்றினால் அதையும் அப்போதே சொல்லுங்கள்.

மைல்கற்களை நான் எழுதியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். "ஆஃப்லைன் வசதி 80 சதவீதம் முடிவு" என்று எழுதினால் அதை யாரும் சோதிக்க முடியாது. 20 படிவம் இருக்கிறதா இல்லையா என்பதை உங்கள் தம்பிகூடக் கைபேசியை வாங்கிப் பார்த்துச் சொல்லிவிடுவான். மைல்கல் என்பது ஒரு கால அளவு அல்ல. கடந்தோமா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரு புள்ளி. தேதிகளையும் பழைய பட்டியலிலிருந்து தள்ளி வைக்கவில்லை. 10ஆம் வாரம் வரை மூன்று வாரத்தில் கிடைப்பது 15 ஆள்வாரம். சேமிப்பு 7, படிவத் திருத்தம் 3, படிவத்தை முடிக்க 4, மொத்தம் 14. ஒன்று மிச்சம். அதனால்தான் 9ஆம் வாரம் என்று எழுதவில்லை.

"ஸ்பான்சர் எடுத்த முடிவு" என்ற வரியை மென்மையாக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். யார் முடிவு, ஏன் என்று தெரியாதபோது குழு தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது "நாம் செய்தது பிடிக்கவில்லை" என்பதாக இருக்கும்.

பழைய திட்டத்தை அழித்துவிட்டு அதன் மேலேயே புதிய தேதிகளை எழுதாதீர்கள். பழைய கோப்பு அப்படியே இருக்கட்டும், புதியதற்குத் தேதியிட்டு வேறு பெயர் கொடுங்கள். வேலைக்கான நேர்காணலில் "திட்டம் நடுவில் மாறியபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்பது வழக்கம். 21, 29, 25 என்ற மூன்று எண்ணையும், ஸ்பான்சரிடம் கேட்டுப் பெற்ற சலுகையையும் சொல்ல முடிந்தால் அந்தக் கேள்விக்கு உங்களிடம் உண்மையான பதில் இருக்கிறது.

செய்தி போன பிறகு வரும் இரண்டு வரிப் பதில்களைப் பொறுமையாகப் படியுங்கள். "சரி", "புரிந்தது" என்று மட்டும் எழுதியவருக்கு அன்று இரவே தொலைபேசியில் பேசுங்கள். டேஷ்போர்டு செய்த இருவரில் யாராவது நிறுத்தும் வேலையைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால், முதல் அழைப்பு அவருக்குப் போகட்டும்.