டெமோவுக்கு 30,000 ரூபாய் கட்டலாமா?

வணக்கம் ஐயா. சனிக்கிழமை நீங்களும் மகளும் வந்துபோன பிறகு, விளம்பரங்களுக்கும் வீடியோக்களுக்கும் குரல் கொடுக்கும் வேலைக்காக அவர் அனுப்பிய பதிவை ஹெட்போனில் மூன்று முறை கேட்டேன். வேலை தேடும்போது அனுப்பும் மாதிரிக் குரல்பதிவை, அதாவது டெமோவை, எடுத்துத் தர சென்னை ஸ்டுடியோ ஒன்று 30,000 ரூபாய் கேட்கிறது, கட்டலாமா என்று கேட்டீர்கள். இப்போது கட்ட வேண்டாம்.

டெமோவைக் கேட்டு வேலை கொடுப்பவர், அதே ஒலி நாளைக்குத் தன் கைக்கு வரும் என்று நம்பித்தான் கொடுக்கிறார். உங்கள் மகள் தினமும் பதிவு செய்யப்போவது காட்பாடி வீட்டு அறையில். நான் முன்பு வழிகாட்டிய ஒரு பையன் கடன் வாங்கி ஸ்டுடியோவில் டெமோ எடுத்தான். முதல் வேலை சீக்கிரமே வந்தது. வீட்டிலிருந்து அவன் அனுப்பிய கோப்பில் அறையின் எதிரொலி கேட்டதால், 'டெமோவில் கேட்ட குரல் இது இல்லையே' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குரல் அவனுடையதுதான். அறைதான் வேறு. அதனால் முதலில் அறையைச் சரிசெய்து, அந்த அறையிலேயே டெமோவை எடுக்க வேண்டும்.

மகள் பதிவு செய்த அறையில் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு 'ணங்' என்று ஒரு சின்ன இழுவை கேட்டால், அதுதான் குரலோடு சேர்ந்து பதிவாகிறது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் பக்கம் முகம் வைத்துப் பேசலாம். முதுகுப்பக்கம் கொடி கட்டி, தடித்த ஜமுக்காளமோ ரஜாயோ இரண்டு தொங்கவிடலாம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். அப்போது 'ப' போன்ற எழுத்துகளின் காற்று மைக்கில் நேராக மோதாது.

நம் ஊரின் கஷ்டம் வெயில். மின்விசிறியை நிறுத்தாமல் பதிவு செய்ய முடியாது, நிறுத்தினால் ஏப்ரல் மதியத்தில் உட்கார முடியாது. விடியற்காலை ஐந்து மணி வாக்கில் செய்யச் சொல்லுங்கள். விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் நின்ற பிறகு பத்து விநாடி பேசாமல் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் அளவுமானியைப் பார்க்க வேண்டும். மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே இருந்தால் நல்ல அமைதி. மைனஸ் 45 பக்கம் ஏறி நின்றால் கேட்பவருக்கு இரைச்சல் தெரியும். ஜங்ஷன் பக்கம் வீடு என்பதால் ரயில் ஹாரன் எப்படியும் வரும். வந்தால் அந்த வாக்கியத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும். இரைச்சலை நீக்கும் வசதியை அழுத்தமாகப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். இப்போது அனுப்பிய பதிவில் அப்படித்தான் செய்திருக்கிறார், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது.

அப்புறம், அந்தப் பதிவு 2 நிமிடம் 40 விநாடி ஓடுகிறது. 'வணக்கம், என் பெயர்...' என்று தொடங்கி, முதல் 20 விநாடி அறிமுகத்திலேயே போகிறது. ஆள் எடுப்பவர் பெரும்பாலும் அதற்குள் அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். விளம்பரத்துக்கு ஒன்று, விளக்க வீடியோவுக்கு ஒன்று என்று இரண்டு தனி டெமோ வேண்டும். ஒவ்வொன்றும் 90 விநாடிக்குள். விளம்பர டெமோவில் பத்துப் பன்னிரண்டு விநாடித் துண்டுகள் ஐந்து: நகைக்கடை, ஆடித் தள்ளுபடி, மருத்துவமனை என்று தொனி மாறட்டும். சிறந்த துண்டு முதலில் வர வேண்டும். பிறர் விளம்பரத்தின் வாசகத்தை எடுக்காமல் சொந்தமாக எழுதிக்கொள்ளட்டும். விளக்க டெமோவில் பின்னணி இசை வேண்டாம். குரலின் நிதானம்தான் அங்கே கேட்க வேண்டியது.

உச்சரிப்பில் ஒரே ஒரு குறை. நம் பக்கத்தில் ழகரம் பேச்சில் யகரமாகவோ ளகரமாகவோ மாறும். அவர் 'மழைக்காலம்' என்பதை 'மளைக்காலம்' என்றே சொல்கிறார். ஒரு வாரம் தினமும் ஒரு பக்கம் உரக்கப் படித்து, பதிவு செய்து, கேட்டுத் திருத்தினால் மாறும். ஆனால் வட்டாரப் பேச்சை மறந்துவிட வேண்டாம். வேலூர்க் கடைக்கு விளம்பரம் செய்பவருக்கு 'இன்னாம்மா, அங்க இன்னும் நின்னுகினு கீற?' என்று இயல்பாகச் சொல்லும் குரல் தேவைப்படும். ஐந்தில் ஒரு துண்டு அப்படி இருக்கட்டும்.

இனி விலை. ஒரு நிறுவனம் சொட்டுநீர்ப் பாசன விளக்க வீடியோவுக்கு 400 சொல் ஸ்கிரிப்ட் அனுப்பி, சொல்லுக்கு ஒரு ரூபாய் என்றதாகச் சொன்னீர்கள். இந்தக் கணக்கு ஆங்கிலத்துக்குச் சரி, தமிழுக்கு நஷ்டம். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரு சொல். அதை ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொல் ஆகும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 சொல் ஓடினால், தமிழை நிதானமாகப் படிக்கும்போது 100 சொல் பக்கம்தான் ஓடும். ஆக, அதே நான்கு நிமிட வீடியோவுக்கு ஆங்கிலக்காரர் 600 ரூபாய் வாங்குவார், உங்கள் மகள் 400 வாங்குவார். அதனால் முடிந்த நிமிடத்துக்கு விலை சொல்ல வேண்டும். அதாவது எத்தனை முறை படித்தாலும், வெட்டி ஒட்டியபின் மிஞ்சும் நிமிடம்.

அந்த நான்கு நிமிடத்துக்கு உண்மையில் எவ்வளவு உழைப்பு? ஸ்கிரிப்டைப் படித்து, '1,499' போன்ற எண்களையும் கம்பெனிப் பெயர்களையும் எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தெளிய அரை மணி. பதிவுக்கு முக்கால் மணி. மூச்சும் தவறும் நீக்க ஒன்றரை மணி. திருத்தத்துக்கு இன்னும் கொஞ்சம். மூன்று மணிக்குக் குறையாது. புதியவருக்கு நான் சொல்லும் விலை நிமிடத்துக்கு 500 ரூபாய், எவ்வளவு சின்ன வேலையானாலும் குறைந்தது 1,500. அப்படியென்றால் இதற்கு 2,000.

விளம்பரத்தை நிமிடத்தால் அளக்கக் கூடாது. 30 விநாடி விளம்பரம் ஒரு வருடம் தினமும் ஓடலாம். பதிவுக்கூலி ஒன்று, பயன்பாட்டுக்கூலி ஒன்று என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். மகளிடம் 30 விநாடி விளம்பரத்துக்குக் குரல் கேட்ட ஜவுளிக்கடைக்காரர் 500 ரூபாய் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எங்கே, எத்தனை நாள் என்று சொல்லவில்லை. வேலூர் கேபிளில் மூன்று மாதம் என்றால் பதிவுக்கு 1,500, பயன்பாட்டுக்கு 1,000 கேட்கலாம். அதே குரலைத் தமிழ்நாடு முழுதும் டிவியில் ஒரு வருடம் ஓடவிட்டால் பயன்பாட்டுத் தொகை பல மடங்கு ஏற வேண்டும். 'எப்போதும் எங்கும் பயன்படுத்துவோம்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், கையெழுத்துக்கு முன் என்னிடம் காட்டுங்கள்.

தகராறு பெரும்பாலும் திருத்தத்தில்தான் வருகிறது. மகள் தவறாகப் படித்திருந்தால் இலவசமாகத் திரும்பப் படிக்க வேண்டும். கடைக்காரர் வாசகத்தை மாற்றினால் அது புது வேலை. இதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது.

ஜவுளிக்கடைக்காரருக்கு இன்றே இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்பச் சொல்லுங்கள்: 'வணக்கம் அண்ணா. 30 விநாடிப் பதிவுக்கு 1,500. வேலூர் கேபிளில் மூன்று மாதம் ஓட 1,000. மொத்தம் 2,500, பாதி முன்பணம். என் தவறுக்குத் திருத்தம் இலவசம், வாசகம் மாறினால் 750. மூன்று மாதத்துக்கு மேலும் ஓட்டுவதாக இருந்தால் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம். ஸ்கிரிப்ட் வந்த மறுநாள் காலை கோப்பு அனுப்புகிறேன்.'