பித்தளையில் வைத்த எலுமிச்சைச் சாறும் வாந்தியும்: ஈயம் தேய்ந்த பாத்திரம் என்ன செய்யும்?

கேள்வி: டாக்டர், போன வாரம் எலுமிச்சைச் சாறு கலந்து ஈயம் பூசிய பழைய பித்தளைப் பாத்திரத்தில் காலையிலேயே வைத்துவிட்டேன். மதியம் குடித்த நான்கு பேருக்கும் அரை மணி நேரத்தில் வாந்தி. என் எட்டு வயது மகன் மூன்று தடவை எடுத்தான். செம்பு கல்லீரலில் தங்கிவிடும், துத்தநாகம் அதை வெளியேற்றும் என்று இணையத்தில் படித்து, ஆறு நாளாக அவனுக்குத் துத்தநாக மாத்திரை கொடுக்கிறேன். இன்னும் காலையில் குமட்டுகிறது என்கிறான். கல்லீரல் கெட்டுவிட்டதா? குடிதண்ணீர் வைக்கும் செம்புக் குடமும் உள்ளே கறுத்திருக்கிறது. எனக்கு முடியும் கொட்டுகிறது. எல்லாப் பாத்திரத்தையும் தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: முதலில் அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் துத்தநாகம் போட்டால் பெரியவர்களுக்கே குமட்டும். காலைக் குமட்டல் பெரும்பாலும் அதனால்தான், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் நேரில் காட்டுங்கள். துத்தநாகம் குடலில் செம்பு ஏறுவதைக் குறைக்குமே தவிர, போன வாரம் குடித்ததைத் தேடிப் பிடித்து வெளியே தள்ளாது. பிறவிக் கோளாறால் உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் என்று உறுதியானவர்களுக்கு நாங்கள் அதைக் கொடுப்பது உண்டு, அதுவும் இரத்தம், சிறுநீர் பரிசோதனைகளோடு. நன்றாக இருக்கும் பிள்ளைக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் உடலுக்கு வேண்டிய செம்பே குறைந்து இரத்தசோகை வரும். இணையத்தில் ஒரு பத்தியைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்குப் போகும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

உங்கள் பயம் கல்லீரல்தான். ஒரு டம்ளர் சாற்றால் அது கெடுவது மிக அரிது. செம்பின் உப்பு இரைப்பையின் உள்தோலை உறுத்தும், இரைப்பை உடனே திருப்பி அனுப்பிவிடும். லிட்டருக்கு நாலைந்து மில்லிகிராம் கலந்திருந்தாலே வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டத் தொடங்கும். கல்லீரலைத் தாக்கும் அளவு அதைவிட வெகு தூரத்தில் இருக்கிறது. உள்ளே போன கொஞ்சத்தையும் கல்லீரல் பித்தநீர் வழியாகக் கழித்துவிடும். ஒரே பாத்திரத்தில் குடித்த எல்லோரும் ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுப்பதும், வாயில் உலோகச் சுவை தெரிவதும், சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடுவதும் இதன் வழக்கமான போக்கு.

கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கண் மஞ்சள். செம்பு அதிகமாக உள்ளே போனால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும், கல்லீரலும் அடிபடும். அடுத்த சில நாட்களில் கண்ணின் வெள்ளை மஞ்சளாகும், சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகும். பகல் வெளிச்சத்தில் பையனை ஜன்னல் பக்கம் நிறுத்தி, மேலிமையைத் தூக்கிக் கீழே பார்க்கச் சொல்லிப் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஆறு நாள் ஆகியும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது, சிறுநீரும் சாதாரணமாகப் போகிறது என்றால் அந்தச் சாற்றின் கணக்கு முடிந்தது. மஞ்சள் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், நடந்ததையும் சொல்லுங்கள். பல மாதம் கழித்து மஞ்சள் வந்தால் அது இந்தச் சாற்றால் வந்ததாக இருக்காது. அப்போதும் மருத்துவரிடம் காட்டி, வில்சன் நோயைப் பற்றியும் கேளுங்கள்.

முடி கொட்டுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. குடத்தின் உள்ளே இருக்கும் கறுப்பு, செம்பின் மேல் படியும் சாதாரணப் படலம்தான். பச்சையாகவோ நீலமாகவோ களிம்பு ஏறியிருந்தால் மட்டும் தேய்த்துக் கழுவி எடுங்கள். எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தால் நன்றாகப் போகும். பிறகு பல தடவை அலசி, முதலில் நிரப்பும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். செம்பைக் கரைப்பது புளிப்பு. சாதாரணத் தண்ணீரில் புளிப்பு இல்லாததால் இரவு முழுக்கச் செம்புக் குடத்தில் இருந்தாலும் வழக்கமாகச் சொற்பமே கரையும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பொதுவாக அதற்குள்ளேயே நிற்கும். அதனால் குடத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அந்தத் தண்ணீரில் எலுமிச்சை பிழியாதீர்கள், நாள் கணக்கில் தேக்கி வைக்காதீர்கள், வாயில் உலோகமாக உறைத்தால் கொட்டிவிடுங்கள். எலுமிச்சை, தக்காளி, புளி, தயிர், மோர் எல்லாம் வேறு கதை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, புளிப்பில் இரண்டுமே கரையும். காலையிலிருந்து மதியம் வரை சாறு அதில் நின்றதுதான் உங்கள் வீட்டில் நடந்தது.

இதைத் தடுக்கத்தான் உள்ளே ஈயம் பூசுகிறோம். பூசும் ஈயம் வெள்ளீயம். அது உணவுப் புளிப்பில் எளிதில் கரையாமல் நடுவில் ஒரு திரையாக நிற்கும். ஆனால் மெல்லிய பூச்சு அது. 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், காலிப் பாத்திரத்தை அடுப்பில் மறந்தால் உருகித் திரளும். கம்பி நாரும் உலோகக் கரண்டியும் அதைச் சுரண்டிவிடும். உங்கள் பாத்திரத்தை வெளிச்சத்தில் சாய்த்து, கரண்டி உரசும் அடிப்பகுதியைப் பாருங்கள். பூச்சு வெறும் சாம்பல் நிறமாக மங்கியிருந்தால் பயமில்லை. மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் ஈயம் போய்விட்டது. உங்களுடையதில் அங்கே காசளவாவது மஞ்சள் தெரியும் என்றே நினைக்கிறேன். மறுபடி ஈயம் பூசும்வரை அதில் எதையும் சமைக்கவோ வைக்கவோ வேண்டாம்.

இன்னொன்று இருக்கிறது, செம்பைவிட எனக்கு இதில்தான் கவலை அதிகம். நாம் வெள்ளீயத்தையும் ஈயம் என்கிறோம், காரீயத்தையும் ஈயம் என்கிறோம். காரீயம் கலந்த ஈயம் இன்னும் குறைந்த சூட்டில் உருகும், விலையும் குறைவு. அதனால் பூச்சில் அது கலந்துவிட இடமுண்டு. செம்பு வாந்தியாக வந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். காரீயம் ருசியும் காட்டாது, வாந்தியும் வராது, சத்தமில்லாமல் சேர்ந்து குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே பூசுபவரிடம் வெள்ளீயக் கட்டியையோ கம்பியையோ காட்டச் சொல்லுங்கள். சுத்த வெள்ளீயக் கம்பியைக் காதருகே வளைத்தால் நறநறவென்று சத்தம் கேட்கும், காரீயத்தில் அந்தச் சத்தம் இருக்காது. சத்தம் கேட்பதாலேயே கொஞ்சமும் கலப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே இந்தப் பாத்திரத்தில் வழக்கமாகச் சமைத்திருந்தால், பையனுக்கு இரத்தத்தில் காரீய அளவை ஒருமுறை பாருங்கள். எனக்கு அந்த ஒரு பரிசோதனை போதும். செம்பு அளவு பார்க்கச் சொல்லி யாராவது பட்டியல் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் இல்லாதபோது அதற்கு அவசரமில்லை.

அப்புறம், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கான பாலை ஈயம் போன பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சவும் வேண்டாம், ஊற்றி வைக்கவும் வேண்டாம். பால் புளிக்காவிட்டாலும் அதிலுள்ள புரதம் செம்பைப் பிடித்துக்கொள்ளும், பிஞ்சுக் கல்லீரலால் அதைக் கழிக்க முடியாது. இந்தியக் குழந்தைகளிடம் ஒரு காலத்தில் அதிகம் கண்ட கல்லீரல் இறுக்க நோய்க்கு இப்படிக் காய்ச்சிய பாலை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். பாத்திரம் மாறிய வீடுகளில் அந்த நோய் குறைந்துபோனது.