வேலை வரிசையில் போலிங்கா, புஷ்ஷா: 30 வொர்க்கர்களோடு நான் பட்ட பாடு

கேள்வி: போஸ்ட்கிரெஸில் உள்ள ஜாப்ஸ் டேபிளை என் வொர்க்கர்கள் ஒவ்வொரு நொடியும் போய்ப் பார்க்கின்றன. போலிங்கை எடுத்துவிட்டு LISTEN/NOTIFY-க்கு முழுமையாக மாறிவிடலாமா?

முழுமையாக மாறிவிட வேண்டாம். அப்படி மாறி அடிபட்டவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். உங்களுடையதும் பகலில் நெரிசல், இரவில் அமைதி என்று ஓடும் சாதாரண வரிசையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் ஆர்டர்களுக்கான பில்லை பிடிஎஃப் ஆக்குவதற்கு 30 வொர்க்கர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு முறை இந்தக் குவெரியை அனுப்பும்:

```sql
SELECT id FROM jobs
WHERE status = 'pending'
ORDER BY id
LIMIT 1
FOR UPDATE SKIP LOCKED;
```

ஒரு நாளைக்கு 25,92,000 குவெரிகள். வரும் வேலைகளோ சுமார் நாலாயிரம்தான். ஆகவே பெரும்பாலான குவெரிகள் வெறுங்கையோடு திரும்பின. அதைவிடப் பெரிய தொல்லை, வேறெங்கோ நீண்ட நேரம் திறந்து கிடக்கும் ஒரு டிரான்சாக்‌ஷன், முடிந்த வேலைகளின் பழைய வரிகளை VACUUM அகற்ற விடாமல் தடுப்பதுதான். அந்த நேரங்களில் இதே குவெரி செத்த வரிகளைத் தாண்டித் தாண்டித் தேட வேண்டியிருந்ததால், வேலை எதுவும் இல்லாதபோதும் சிபியு ஏறியது.

ஆகவே NOTIFY-க்கு மாறினோம். டிரான்சாக்‌ஷன் கமிட் ஆனவுடன் செய்தி வந்துவிடும்; தாமதம் சில மில்லி நொடிகள்தான். மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஒரு ஞாயிறு காலை, ஆறு மணியிலிருந்து வந்த ஆர்டர்கள் எதற்கும் பில் போகவில்லை என்று ஒன்பதரை மணிக்குத் தொலைபேசி வந்தது. வொர்க்கர்கள் எல்லாம் உயிரோடு இருந்தன; லாகில் ஒரு பிழைகூட இல்லை; டேபிளில் மட்டும் `pending` வரிகள் குவிந்து கிடந்தன.

நடந்தது இதுதான். இரவில் நெடுநேரம் ஒரு பாக்கெட்கூடப் போகாத LISTEN இணைப்புகளை, இடையில் இருந்த ஃபயர்வால் இரு பக்கத்துக்கும் தெரிவிக்காமல் தன் கணக்கிலிருந்து நீக்கியிருந்தது. வொர்க்கரோ படிப்பதற்காகக் காத்திருக்கிறதே தவிர எதையும் அனுப்புவதில்லை. ஆகவே இணைப்பு அறுந்ததை அது அறிய வழியே இல்லை. எங்கள் கிளையண்டில் டிசிபி கீப்அலைவ் இயக்கப்படவில்லை. இயக்கியிருந்தாலும் லினக்ஸின் இயல்பு மதிப்பில் முதல் சோதனை 7200 நொடி கழித்துத்தான் போகும். கேட்க ஆள் இல்லாத நேரத்தில் அனுப்பிய NOTIFY எங்கும் சேமித்து வைக்கப்படுவதும் இல்லை. ஃபயர்வாலின் அமைப்பைத்தான் திருத்தியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் திருத்தினோம், ஆனால் டேட்டாபேஸ் ரீஸ்டார்ட் ஆகும் அந்தச் சில நொடிகளில் வரும் வேலைக்கு அது விடையாகாது.

அன்று முதல் நாங்கள் NOTIFY-ஐ "போய்ப் பார்" என்ற குறிப்பாக மட்டுமே வைத்துக்கொண்டோம். உண்மை நிலவரத்துக்கு டேபிளே ஆதாரம். இணைப்பு புதிதாக ஏற்பட்டதும் முதலில் LISTEN, அதன் பிறகே டேபிளைப் பார்ப்பது. வரிசையை மாற்றினால் இரண்டுக்கும் நடுவில் நுழையும் வேலை தவறிப்போகும். இதோடு ஒவ்வொரு வொர்க்கரும் 10 முதல் 20 நொடிக்குள் ஏதோ ஒரு இடைவெளியில் தானாகவும் ஒரு முறை பார்க்கும்.

இவ்வளவு நீண்ட இடைவெளியா என்று தயங்க வேண்டாம். ஒரே ஒரு வொர்க்கர் 15 நொடிக்கு ஒரு முறை பார்த்தால் சராசரித் தாமதம் ஏழரை நொடி. ஆனால் சும்மா இருக்கும் 30 வொர்க்கர்கள் வெவ்வேறு கணங்களில் பார்த்தால், அவற்றில் யாராவது ஒருவர் வந்து சேர ஆகும் நேரம் சராசரியாக 15-ஐ 31-ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ அரை நொடிதான். குவெரியோ நொடிக்கு 30-லிருந்து 2-ஆகக் குறைகிறது. டிப்ளாய் செய்யும்போது எல்லாம் ஒரே கணத்தில் எழுந்து ஒரே தாளத்தில் பார்க்கத் தொடங்கினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். இடைவெளியைக் கொஞ்சம் சிதறடிப்பது அதற்காகத்தான். அரை நொடி உங்களுக்குப் போதும் என்றால் NOTIFY தேவையே இல்லை என்பது என் கருத்து. போலிங் என்றாலே தெரியாதவர்கள் செய்வது என்று கூட்டங்களில் ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த வகுத்தலை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நெரிசல் நேரத்தில் இரண்டு முறைக்கும் வேறுபாடு இல்லை. ஒரு வேலையை முடித்த வொர்க்கர் தூங்காமல் உடனே அடுத்ததைத் தேட வேண்டும். ஒன்றும் கிடைக்காதபோது மட்டுமே தூங்க வேண்டும். அமைதி நேரத்திலோ ஒரு NOTIFY 30 பேரையும் எழுப்பி, 29 பேரை வெறுங்கையோடு அனுப்புகிறது. எங்கள் அளவுக்கு அது பொருட்டில்லை. உங்களிடம் நூற்றுக்கணக்கில் வொர்க்கர்கள் இருந்தால், இயந்திரத்துக்கு ஒரு புரோசஸ் மட்டும் LISTEN செய்து ஒருவரை மட்டும் எழுப்பட்டும். பிஜிபவுன்சரை டிரான்சாக்‌ஷன் முறையில் வைத்திருந்தால், அந்த LISTEN இணைப்பு அதைத் தாண்டி நேரடியாகப் போஸ்ட்கிரெஸுக்குப் போக வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு வேலையையும் எடுக்கும்போது அது அறிவிப்பால் கிடைத்ததா, மெதுவான போலிங்கால் கிடைத்ததா என்பதை டேபிளிலேயே ஒரு தனி நெடுவரிசையில் எழுதி வையுங்கள். சாதாரண நாளில் போலிங்கால் கிடைப்பவை ஓரிரண்டுதான் இருக்கும். திடீரென எல்லாமே போலிங்கால் கிடைக்கத் தொடங்கினால், LISTEN இணைப்புகள் அறுந்துவிட்டன என்று தெரிந்துகொள்ளலாம். எங்களுக்கு அது பிறகு இரண்டு முறை நேர்ந்தது. இரண்டு முறையும் பில்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.