வீடியோ எடிட்டர் ரெஸ்யூமில் சேனல் வளர்ச்சியை எப்படி எழுதுவது?

கேள்வி: மதுரையில் ஒரு சமையல் யூடியூப் சேனலுக்கு 2023 ஜூன் முதல் 2025 ஆகஸ்ட் வரை எடிட்டராக இருந்தேன். அந்தக் காலத்தில் சேனல் 18,000 சப்ஸ்கிரைபரிலிருந்து 1,12,000க்கு வந்தது. அதில் ஒரு ஷார்ட்ஸ் வைரலானதும் சேர்த்தி. கூடவே ஒரு ஜவுளிக்கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் பார்த்துக்கொண்டேன். பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், டாவின்சி, ஃபோட்டோஷாப், கேன்வா தெரியும். ரெஸ்யூமில் "சேனலை ஆறு மடங்கு வளர்த்தேன்" என்று போட்டிருக்கிறேன். எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. என்ன மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் ரெஸ்யூமைப் படிப்பவர் முதலில் செய்யும் வேலை, அந்தச் சேனலைத் திறந்து ஷார்ட்ஸ் பகுதியை "Popular" என்று வரிசைப்படுத்திப் பார்ப்பது. முதல் இடத்தில் பல லட்சம் பார்வையோடு ஒரு ஷார்ட்ஸ், அதற்கு அடுத்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்றால், "ஆறு மடங்கு வளர்த்தேன்" என்ற வரி அங்கேயே நம்பிக்கையை இழந்துவிடும். நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் சமைத்தவர், பேசியவர், தலைப்பு வைத்தவர், எடிட் செய்தவர் எல்லாருடைய உழைப்பும் அந்த எண்ணில் கலந்து கிடக்கிறது. அதிலிருந்து உங்கள் கை பட்ட பகுதியைப் பிரித்துக் காட்ட வேண்டும். எடிட்டருக்கு அதைக் காட்டக்கூடிய எண் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை அல்ல.

முதலில் அந்த ஷார்ட்ஸைத் தனியே எடுத்து வையுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் ஒவ்வொரு வீடியோவின் அனலிடிக்ஸிலும் அதன் வழியாக எத்தனை சப்ஸ்கிரைபர் வந்தார்கள் என்று இருக்கும். உதாரணத்துக்கு அந்த ஷார்ட்ஸால் 38,000 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வளர்ச்சி 94,000. அதைக் கழித்தால் 56,000 பேர் 27 மாதங்களில் வந்திருக்கிறார்கள், அதாவது மாதத்துக்குச் சுமார் 2,000 பேர். "ஆறு மடங்கு" என்பதைவிட இது சிறியதாகத் தெரியும். ஆனால் வேலை கொடுப்பவருக்கு வேண்டியது இதுதான். வைரல் மறுபடி வருமா என்று அவருக்குத் தெரியாது, மாதாமாதம் வரும் இரண்டாயிரத்தை வைத்து அவரால் கணக்குப் போட முடியும். வைரல் ஷார்ட்ஸை ஒளிக்கவும் வேண்டாம். "இதில் 38,000 ஒரே ஷார்ட்ஸ் வழியாக" என்று அதே வரியில் எழுதிவிடுங்கள். கேட்பதற்கு முன் சொன்னவரை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

ஷார்ட்ஸ் பார்வைகளை ஒப்பிடும்போது இன்னொரு கவனம் தேவை. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸ் பார்வையை எண்ணும் முறையை மாற்றிவிட்டது. இப்போது ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலோ திரும்ப ஓடினாலோ பார்வையாகிவிடும். பழைய கணக்கு "Engaged views" என்ற பெயரில் அனலிடிக்ஸில் தனியாக இருக்கிறது. நீங்கள் வேலை செய்த காலம் இந்தத் தேதிக்கு இரு பக்கமும் வருகிறது. "2024இல் இவ்வளவு, 2025இல் இவ்வளவு" என்று எழுதினால் உயர்வின் ஒரு பகுதி வெறும் எண்ணும் முறையால் வந்ததாக இருக்கும். விவரம் தெரிந்தவர் இதைத்தான் முதலில் கேட்பார். ஷார்ட்ஸுக்கு "Engaged views" எண்ணையே எடுங்கள்.

இப்போது முக்கியமானதற்கு வருவோம். எடிட்டரின் வேலை அப்படியே தெரியும் இடம் "Audience retention" கோடு. எந்த நொடியில் ஆட்கள் வெளியேறுகிறார்கள் என்பதை அது காட்டும். முதல் 30 நொடி கடந்தும் எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்பதையும் ஸ்டூடியோவே சொல்லும். சமையல் சேனல்களில் பெரும்பாலும் பார்ப்பது இது: தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு நொடி லோகோ அனிமேஷனும் பாட்டும், பிறகு "வணக்கம் நண்பர்களே", பிறகு பொருள்களின் பட்டியல். கோடு அங்கேயே சரிந்துவிடும். நீங்கள் லோகோவை எடுத்துவிட்டு, தட்டில் பரிமாறிய குழம்பை முதல் மூன்று நொடியில் காட்டி, பொருள்களைத் திரையில் எழுத்தாகப் போட்டுவிட்டு நேராக அடுப்புக்குப் போயிருந்தால், அந்த மாற்றத்துக்கு முன் வந்த பத்து வீடியோ, பின் வந்த பத்து வீடியோ இரண்டையும் எடுத்து 30 நொடி சதவீதத்தின் சராசரியைப் பாருங்கள். 52இலிருந்து 68க்குப் போயிருந்தால், அந்த 16 புள்ளிக்கு உங்கள் எடிட்டிங்கைத் தவிர வேறு பெரிய காரணம் சொல்ல முடியாது. தலைப்பும் தம்ப்நெய்லும் கிளிக்கைக் கொண்டுவரும். உள்ளே வந்தவர் தங்குவது எடிட்டிங்கால்.

இதில் பலரும் விழும் ஒரு பள்ளம் உண்டு. வீடியோவின் எத்தனை சதவீதத்தைச் சராசரியாகப் பார்த்தார்கள் என்ற எண்ணை மட்டும் எழுதுவார்கள். 12 நிமிட வீடியோவில் சராசரியாக 3 நிமிடம் 10 நொடி பார்த்தார்கள் என்றால் அது 26 சதவீதம். நீங்கள் இறுக்கி வெட்டி 8 நிமிடமாக்கினீர்கள், பார்க்கும் நேரம் 3 நிமிடம் 40 நொடி ஆனது. அது 46 சதவீதம். எழுதினால் இருபது புள்ளி பாய்ச்சல் போலத் தெரியும். உண்மையில் கூடியது 30 நொடிதான், மீதி வீடியோ சுருங்கியதால் வந்த ஏற்றம். சதவீதத்தோடு நிமிடத்தையும் வீடியோவின் நீளத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

இதையெல்லாம் சேர்த்தால் உங்கள் அனுபவப் பகுதி இப்படி வரும். ரெஸ்யூமில் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள், அடங்க வேண்டிய விவரம் இதுதான்:

"தமிழ் சமையல் யூடியூப் சேனல், எடிட்டர், ஜூன் 2023 – ஆகஸ்ட் 2025. வாரம் இரண்டு நீள வீடியோ, நான்கு ஷார்ட்ஸ். வெட்டு, ஒலி, நிறம், தமிழ் சப்டைட்டில் முழுதும் என் பொறுப்பு. தலைப்பும் தம்ப்நெய்லும் சேனல் உரிமையாளருடையவை. தொடக்கத்தை மாற்றியமைத்ததில் 30 நொடி தாண்டிப் பார்ப்பவர்கள் 52இலிருந்து 68 சதவீதம் (முன்பின் பத்து பத்து வீடியோ). இக்காலத்தில் சேனல் 18,000 – 1,12,000. இதில் 38,000 ஒரே ஷார்ட்ஸ் வழியாக."

வாரக் கணக்கும் சதவீதமும் நான் மாதிரிக்குப் போட்டவை, உங்களுடையதை நிரப்புங்கள். தலைப்பு என்னுடையதல்ல என்று எழுதுவது உங்களைச் சிறுமைப்படுத்தும் என்று தோன்றலாம். என் பார்வையில் அந்த வரிதான் மற்ற வரிகளை நம்பவைக்கிறது.

ஜவுளிக்கடைப் பக்கத்தை எடிட்டர் ரெஸ்யூமில் இரண்டு வரியோடு நிறுத்துங்கள். சோஷியல் மீடியா மேனேஜர் வேலைக்கு அனுப்பும்போது அதை மேலே கொண்டுவந்து, எடிட்டிங்கைக் கீழே இறக்குங்கள். ஒரே ரெஸ்யூமை இரண்டுக்கும் அனுப்பினால் இரண்டு பக்கமும் அரைகுறையாகத் தெரியும். கடைக்காரருக்கு ஃபாலோயர் எண்ணிக்கை அவ்வளவு முக்கியமில்லை, ஆடித் தள்ளுபடிக்கு எத்தனை பேர் விலை கேட்டு மெசேஜ் அனுப்பினார்கள் என்பதே முக்கியம். அந்த எண்ணிக்கை உங்களிடம் இருந்தால் அதை முதலில் போடுங்கள். காசு கொடுத்து பூஸ்ட் செய்த பதிவுகள் இருந்தால் மாதச் செலவு எவ்வளவு என்று எழுதுங்கள். விளம்பரப் பணத்தைக் கையாளத் தெரியும் என்பதே ஒரு தகுதி. பூஸ்டால் வந்ததைத் தானாக வந்த வளர்ச்சியோடு கலக்காதீர்கள். இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸில் ஃபாலோ செய்யாதவர்கள் எத்தனை பேருக்கு ரீல் போய்ச் சேர்ந்தது என்று பிரித்தே காட்டும், அதைப் பயன்படுத்துங்கள்.

மென்பொருள் பட்டியலுக்கு வருகிறேன். ஐந்து பெயரையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் பிரீமியர் 90 சதவீதம், டாவின்சி 70 சதவீதம் என்று பட்டை வரைவதை நிறுத்துங்கள். எதில் 90 என்று யாருக்கும் தெரியாது. தினமும் எதில் வேலை செய்தீர்கள், எப்போதாவது எதைத் தொட்டீர்கள் என்று இரண்டாகப் பிரித்தால் போதும். ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள்: பிரீமியரில் இரண்டு கேமரா மல்டிகேம், குறைந்த ரேம் உள்ள கணினியில் 4கே காட்சிகளுக்கு ப்ராக்ஸி, டாவின்சியில் நிறம் மட்டும், இப்படி. எழுதிய ஒவ்வொன்றையும் நேர்காணலில் உங்கள் கையில் ஃபுட்டேஜ் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள் என்று நினைத்து எழுதுங்கள்.

தமிழ் சேனலில் வேலை செய்தவர்கள் எழுத மறப்பது ஒன்று உண்டு. பிரீமியரில் தமிழ் எழுத்தைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி, "கொ" உடைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். Preferences-இல் Graphics பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் இன்ஜினை "South Asian and Middle Eastern" என்று மாற்றினால் சரியாகும் என்பது உங்களுக்கு இயல்பாகத் தெரிந்திருக்கலாம். புதிதாக வருபவர் இதில் அரை நாள் தொலைப்பார். இன்னும் சில இடங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி ஒப்பேற்றுகிறார்கள். பிறகு அந்தச் சப்டைட்டிலை யூடியூபில் ஏற்ற முடியாது, ஏனென்றால் எழுத்துரு போனால் அது வெறும் ஆங்கிலக் குப்பை. "யூனிகோட் தமிழில் எஸ்ஆர்டி சப்டைட்டில், பிரீமியரில் தமிழ் டைட்டில்" என்ற ஒரு வரி தமிழ் நிறுவனத்தில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸைவிட அதிகம் பேசும்.

வேலை மாதிரிக்கு மூன்று வீடியோ போதும். சேனல் முகப்பின் லிங்கை மட்டும் கொடுத்தால் எது உங்களுடையது என்று தெரியாது. ஒவ்வொரு லிங்குக்கும் பக்கத்தில் "0:00–0:40 பாருங்கள், தொடக்கம், ஒலி என்னுடையவை" என்று எழுதுங்கள். கூகுள் டிரைவில் வைத்திருந்தால் "Anyone with the link" என்று மாற்றியிருக்கிறீர்களா என்று வேறொரு கணக்கிலிருந்து திறந்து சோதியுங்கள். பூட்டிய லிங்குக்கு யாரும் அனுமதி கேட்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ரெஸ்யூமைக் கேன்வாவிலோ ஃபோட்டோஷாப்பிலோ செய்திருந்தால் பிடிஎஃப்பைத் திறந்து எழுத்தைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எழுத்து வரவில்லை, அல்லது இரண்டு பத்தி ஒன்றோடொன்று கலந்து வருகிறது என்றால், ரெஸ்யூம்களை வடிகட்டும் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும். உங்களுக்கு அழைப்பு வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேலையை விட்டுவிட்டதால் ஸ்டூடியோ இப்போது உங்களுக்குத் திறக்காது. பழைய உரிமையாளரிடம் பேசி, "Viewer (limited)" அனுமதியை ஒரு வாரத்துக்குக் கேளுங்கள். அதில் வருமானம் தெரியாது, எதையும் மாற்றவும் முடியாது என்பதைச் சொன்னால் பெரும்பாலும் தயங்க மாட்டார். எந்த எண்களை ரெஸ்யூமில் போடப் போகிறீர்கள், சேனல் பெயரைச் சொல்லலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் "தமிழ் சமையல் சேனல், ஒரு லட்சத்துக்கு மேல் சப்ஸ்கிரைபர்" என்று எழுதலாம்; அப்போது அந்தச் சேனலின் லிங்கை மாதிரியில் போடக் கூடாது, வேறு வேலையைத்தான் காட்ட வேண்டும். அவர் ஸ்டூடியோ அனுமதியே தராவிட்டால் ரிடென்ஷன் எண்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். எல்லாருக்கும் தெரியும் சப்ஸ்கிரைபர் எண்ணை வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் நீங்கள் செய்த மாற்றத்தை மட்டும் வார்த்தையில் சொல்லி, மாற்றத்துக்கு முன் வந்த ஒரு வீடியோவையும் பின் வந்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் லிங்காகக் கொடுங்கள்.