புது ஆட்களுக்கு முதல் நாள் என்ன சொல்வது?

"வாளையார் பக்கம் பைப் லைனுக்கு ரெண்டு மீட்டர் ஆழம் குழி தோண்டுறோம். நாளைக்கு எட்டு புது ஆட்கள். முதல் நாள் என்னங்க சொல்லணும்?"

ஷெட்டுக்குள்ள நிக்க வெச்சுப் பேசாதீங்க, குழி ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் ரெண்டு நிமிஷப் பேச்சு. இங்க ஆளைக் கொல்றது மண் சரிவுதான்.

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல இருக்கும். நெஞ்சு வரைக்கும் மூடினாலே போதும்: மூச்சு விடும்போது மண் இறுகிக்கும், திரும்ப இழுக்க முடியாது. இதை அப்படியே சொல்லுங்க.

ஒன்றரை மீட்டரைத் தாண்டினா பலகை அடிச்சு முட்டுக் கொடுக்காம யாரும் இறங்கக் கூடாது. அள்ளின மண்ணை விளிம்புல இருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொட்டணும். உங்க குழிக்கு மூணரை மீட்டர் ஏணி வேணும், விளிம்புக்கு மேல ஒரு மீட்டர் நீட்டிட்டு இருக்கணும். முட்டுக்கட்டையைப் பிடிச்சு ஏறவே கூடாது, அது கழன்றுடும்.

விளிம்புக்கு இணையா மேல மயிர்க்கோடு மாதிரி விரிசல் ஓடினாலோ, சுவர்ல இருந்து பொடி மண் உதிர்ந்தாலோ, யாரையும் கேக்காம ஏறிடணும். ராத்திரி மழை பெய்திருந்தா நீங்க பார்த்துச் சொல்ற வரைக்கும் இறங்க வேண்டாம்.

ஒருத்தர் புதைஞ்சா இன்னொருத்தர் குதிக்கக் கூடாது, ரெண்டாவது சரிவு அவரையும் மூடிடும். ஜேசிபி பக்கெட்டால தோண்டவும் கூடாது. 112-க்கு அடிக்கணும்.

மலையாளம், இந்தி பேசறவங்க இருந்தா தலையாட்டறதை நம்பாதீங்க. விரிசலையும் ஏணியையும் ஒவ்வொருத்தரையும் கைநீட்டிக் காட்டச் சொல்லுங்க, அப்புறம் கையெழுத்து வாங்குங்க.